கரண்ட் போனால் சோலாரும் போய்விடுமா?

கேள்வி: வணக்கம். எங்கள் பகுதியில் நாளுக்கு ஐந்தாறு முறையாவது கரண்ட் போகிறது. சில நேரம் பத்து நிமிடம், சில நேரம் மூன்று மணி நேரம். மாதம் சுமார் 300 யூனிட் செலவாகிறது. மாடியில் சோலார் போடலாம் என்று விசாரித்தால் ஒருவர் 3 கிலோவாட் ஆன்-கிரிட் போதும் என்கிறார், இன்னொருவர் ஆஃப்-கிரிட் போட்டு லைனையே மறந்துவிடுங்கள் என்கிறார், மூன்றாமவர் ஹைபிரிட் என்கிறார். பக்கத்து வீட்டில் ஆன்-கிரிட் இருக்கிறது. பட்டப்பகலில் கரண்ட் போனாலும் அவர்கள் வீட்டில் ஃபேன் நின்றுவிடுகிறது, இது ஏதாவது கோளாறா? எங்களிடம் 4 ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, லைட்டுகள், வைஃபை, ஒரு ஏசி, 1 எச்பி மோட்டார் உண்டு. 12 வோல்ட் 150 ஏஎச் லெட்-ஆசிட் பேட்டரியோடு ஒரு யுபிஎஸ்ஸும் இருக்கிறது, ஆனால் நீண்ட கரண்ட் கட்டுக்குத் தாங்குவதில்லை. எங்களுக்கு எது சரிவரும்?

பதில்: வணக்கம். பக்கத்து வீட்டு சோலாரில் கோளாறு எதுவும் இல்லை. அது அப்படித்தான் நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு, லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து வேலை செய்யும் ஹைபிரிட் சரி என்பதுதான் என் கணிப்பு. ஆனால் ஹைபிரிட் என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் ஹைபிரிட் ஆகிவிடாது. நல்ல ஹைபிரிட்டையே தவறாக அமைத்து இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: லைனில் கரண்ட் போன அந்த நொடியில் மாடியில் இருக்கும் பேனல் என்ன செய்யும்? மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் பின்பாட்டுக்காரர் மாதிரி. லைனில் வரும் மின்சாரத்தின் வோல்டேஜையும் அலைவரிசையையும் பார்த்து, அதோடு ஒத்துப்போய் தன் மின்சாரத்தைச் சேர்க்கும். முன்பாட்டு நின்றால் இதுவும் நின்றுவிடும். சொந்தமாக ஒரு வோல்டேஜை உருவாக்கிப் பிடித்துக்கொள்ள அது வடிவமைக்கப்படவில்லை. இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. கரண்ட் நிறுத்திவிட்டார்கள் என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, உங்கள் மாடியிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் லைன் போனால் 2 நொடிக்குள் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று ஐஇஇஇ 1547 போன்ற தரநிலைகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. நடுப்பகல் வெயிலில் 3 கிலோவாட் பேனலும் காய்ந்துகொண்டிருக்க, கீழே ஃபேன் ஓடாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

பலர் கவனிக்காத விஷயம் இதற்கு அப்புறம் வருகிறது. கரண்ட் திரும்பி வந்ததும் ஆன்-கிரிட் உடனே வேலையைத் தொடங்காது. லைன் நிலையாக இருக்கிறதா என்று சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அதன் திரையில் Waiting அல்லது Checking என்று ஓடும். இந்தக் காத்திருப்பு அமைப்பைப் பொறுத்து ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் மறுபடி போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பகலில் கரண்ட் விட்டுவிட்டு வரும் இடத்தில், நீங்கள் கையில் எழுதி வைத்திருக்கும் மின்தடை நேரத்தைவிட சோலார் சும்மா இருந்த நேரம் அதிகமாக இருக்கும். போதாததற்கு, கரண்ட் அடிக்கடி போகும் பகுதிகளில் வோல்டேஜும் பொதுவாக ஒழுங்காக இருப்பதில்லை. வோல்டேஜ் வரம்புக்கு மேலே போனாலும் கீழே போனாலும் ஆன்-கிரிட் துண்டித்துக்கொள்ளும். வீட்டில் லைட் எரிந்துகொண்டிருக்கும், சோலார் மட்டும் ஓடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டரின் பிழைப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். Grid Over Voltage, No Grid போன்ற வரிகள் ஒரு நாளில் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று பார்த்தாலே உங்கள் தெரு லைனின் லட்சணம் தெரிந்துவிடும். அவருடைய இன்வெர்ட்டர் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு அளவுகருவி.

சரி, அதற்காக ஆன்-கிரிட் உதவாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கரண்ட் எந்த நேரத்தில் போகிறது என்பதைப் பொறுத்து விஷயம் மாறும். இரவில் போகும் கரண்டால் ஆன்-கிரிட்டின் உற்பத்திக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரவில் அது எப்படியும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தடைகள் பெரும்பாலும் இரவில்தான், அதுவும் அரைமணி, முக்கால் மணிதான் என்றால், 3 கிலோவாட் ஆன்-கிரிட்டும் தனியே ஒரு நல்ல யுபிஎஸ்ஸும் போதும். பேட்டரியில் பெரிதாகப் பணம் போட வேண்டாம். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு காகிதத்தில் கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் எழுதி வையுங்கள். காலை 9 முதல் மாலை 4 வரை விழும் தடைகளைத் தனியே கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரண்டு மூன்று மணி நேரத் தடை வாரத்தில் சில முறை வந்தாலோ, ஆன்-கிரிட் மட்டும் போடுவது உங்களுக்குச் சரியாக இருக்காது. உங்கள் கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள்.

ஆஃப்-கிரிட் போட்டு லைனையே மறந்துவிடுங்கள் என்று சொன்னவர், அதற்கு எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று சொன்னாரா தெரியவில்லை. நாமே கணக்குப் போட்டுவிடலாம். மாதம் 300 யூனிட் என்றால் நாளுக்கு 10 யூனிட். லைனே கிடையாது என்றால் மழைமேகம் மூடிய இரண்டு நாட்களையாவது பேட்டரி தாங்க வேண்டும். அது 20 யூனிட். பேட்டரியை முழுக்க வற்றவிடக் கூடாது, மின்சாரமாக மாற்றும்போது இழப்பும் உண்டு, இவற்றைச் சேர்த்தால் 25 யூனிட் கொள்ளும் பேட்டரி தேவை. ஹைபிரிட்டுக்கு நான் கீழே சொல்லப்போவதைப் போல ஐந்து மடங்கு. பேனலையும் மோசமான நாளுக்காகத்தான் கணக்கிட வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பேனல் சுமார் 4 யூனிட் தரும் என்றால், மேகமூட்டத்தில் அது பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். அந்த நாளிலும் 10 யூனிட் வேண்டுமென்றால் 5 அல்லது 6 கிலோவாட் போட வேண்டும். நல்ல வெயில் நாளில் அதே பேனல் 20 யூனிட்டுக்கு மேல் தரத் தயாராக இருக்கும், நீங்கள் 10 யூனிட்தான் செலவழிப்பீர்கள். பேட்டரி நிறைந்ததும் மீதியை வாங்க ஆள் கிடையாது. லைனுக்கு அனுப்ப முடியாது, அதனால் சார்ஜர் தானாகவே பேனலின் உற்பத்தியைக் குறைத்துவிடும். கம்பமே எட்டாத தோட்டத்து வீட்டுக்கு ஆஃப்-கிரிட்டை விட்டால் வேறு வழியில்லை. வாசலில் லைன் இருக்கும் வீட்டுக்கு, அது அடிக்கடி போகும் லைனாகவே இருந்தாலும், நாளில் இருபது மணி நேரம் வருகிறதென்றால் அதைத் தூக்கி எறிவது புத்திசாலித்தனம் இல்லை.

ஆன்-கிரிட்டுக்கும் ஆஃப்-கிரிட்டுக்கும் நடுவில் இன்னொரு சாமான் இருக்கிறது. கடைக்காரர்கள் இதையும் ஹைபிரிட் என்றே சொல்வார்கள். உண்மையில் இது லைனைச் செருகிக்கொள்ளக்கூடிய ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர். சோலார் போதவில்லை என்றால் லைனிலிருந்து எடுத்துக்கொள்ளும், பேட்டரியை லைனிலிருந்தும் சார்ஜ் செய்யும், கரண்ட் போனால் யுபிஎஸ் மாதிரி வேலை செய்யும். ஆனால் மிச்ச மின்சாரத்தை லைனுக்குத் திருப்பி அனுப்பாது. இதில் பல மாடல்கள் ஒரு நேரத்தில் வீட்டை முழுவதும் லைனில் விடும் அல்லது முழுவதும் சோலார்-பேட்டரியில் விடும். இரண்டையும் கலந்து கொடுக்காது. மின் நிறுவனம் உங்கள் பகுதியில் திருப்பி அனுப்ப அனுமதிக்கவில்லை என்றால் இதுவே போதும், குறைந்த செலவில் முடியும். அனுமதி உண்டு என்றால் மிச்சத்தை இழப்பீர்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது. விவரத்தாளில் இரண்டு வெளியீட்டு அளவுகள் தனித்தனியே இருக்க வேண்டும். லைனுக்கு இவ்வளவு வாட் கொடுக்கும் என்பது ஒன்று, Backup அல்லது EPS என்ற பெயரில் கரண்ட் இல்லாத நேரத்தில் இவ்வளவு வாட் கொடுக்கும் என்பது இன்னொன்று. முதல் வரி இல்லையென்றால் அது நான் சொன்ன நடுவாந்திரச் சாமான்தான். இந்த இரண்டு அளவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில 5 கிலோவாட் மாடல்கள் கரண்ட் இல்லாதபோது அதைவிடக் குறைவாகத்தான் தரும். அதனால் இரண்டாவது எண்ணைத்தான் நீங்கள் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

சரியான ஹைபிரிட்டில் கரண்ட் போனதும் உள்ளே ஒரு ரிலே திறந்து வீட்டை லைனிலிருந்து பிரித்துவிடும். லைன்மேனுக்கு ஆபத்து இல்லை. பிறகு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு தானே வோல்டேஜை உருவாக்கும். பொதுவாக 10 முதல் 20 மில்லிநொடியில் இந்த மாற்றம் முடிந்துவிடும். லைட் ஒருமுறை சிமிட்டும், டிவி பெரும்பாலும் அணையாது. பகல் என்றால் பேனலும் தொடர்ந்து வேலை செய்யும். வீட்டுக்கு வேண்டியதைக் கொடுத்து, மீதியை பேட்டரிக்கு அனுப்பும். லைன் திரும்பி வந்தால் இதுவும் ஆன்-கிரிட் போலவே சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் லைனோடு சேரும், ஆனால் அந்த இடைவெளியில் ஃபேன் ஓடிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

இங்கே பேட்டரிதான் அச்சாணி. “இப்போது பேட்டரி இல்லாமல் ஹைபிரிட் இன்வெர்ட்டரை மட்டும் வையுங்கள், பேட்டரி பிறகு பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால், அதுவரை உங்களிடம் இருப்பது விலை கூடிய ஆன்-கிரிட்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாடல்கள் பேட்டரி இல்லாமல் கரண்ட் கட்டில் ஓடாது. ஒருசில ஓடும், ஆனால் ஒரு மேகம் கடந்தாலோ ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் தொடங்கினாலோ அணைந்துவிடும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. கரண்ட் இல்லாத நேரத்தில் எது எது ஓடினால் போதும்? மூன்று ஃபேன் 225 வாட். எல்இடி லைட்டுகள் 60. டிவி 80, வைஃபை 15. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட் எடுத்தாலும் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரியாக 60 என்று வைக்கலாம். மொத்தம் 440 வாட். மூன்று மணி நேரத் தடைக்கு 1.3 யூனிட். இப்போது உங்கள் பழைய யுபிஎஸ்ஸைப் பாருங்கள். 12 வோல்ட் 150 ஏஎச் என்றால் பெயருக்கு 1.8 யூனிட். லெட்-ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சீக்கிரம் போய்விடும் என்பதால் கையில் இருப்பது 0.9, இழப்பு போக 0.75 யூனிட்கூட மிஞ்சாது. இந்த 440 வாட்டை அதில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் வந்தாலே பெரிது. அது தாங்காமல் போவதற்கு பேட்டரியைக் குறைசொல்ல முடியாது, அளவே அவ்வளவுதான்.

இதற்கு நான் சொல்லும் பேட்டரி, 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று. கொள்ளளவு 5.12 யூனிட். 90 விழுக்காடு இறக்கலாம், மாற்றும் இழப்பும் போனால் சுமார் 4 யூனிட் கைக்கு வரும். ஹைபிரிட் இன்வெர்ட்டர் தானே 50 வாட் அளவுக்குச் சாப்பிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் 440 வாட்டை எட்டு மணி நேரம் ஓட்டும். பேனல் 3 கிலோவாட் போதும். நல்ல நாளில் 12 யூனிட் தரும், உங்கள் தேவை 10.

லித்தியம் ஏன் என்று கேட்பீர்கள். இழுக்கக்கூடிய அளவு கூடுதல் என்பதைவிட, உங்கள் ஊர்த் தடையின் தன்மைதான் எனக்கு முக்கியமான காரணம். லெட்-ஆசிட் பேட்டரியை நிதானமாகத்தான் நிரப்ப முடியும். 150 ஏஎச் பேட்டரிக்கு 15 ஆம்பியர் அளவில் கொடுப்பார்கள். பாதி இறங்கிய பேட்டரியை முழுதாக நிரப்ப எட்டு மணி நேரம்கூட ஆகும், அதிலும் கடைசிப் பகுதிதான் மெதுவாக ஏறும். நாளுக்கு ஐந்தாறு முறை கரண்ட் போகும் வீட்டில் அந்தக் கடைசிப் பகுதிக்கு வேளையே வராது. முக்கால் நிறைந்த நிலையில் மறுபடி இறங்கும், மறுபடி முக்கால் வரை ஏறும். இப்படிக் குறைசார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். “தண்ணீர் சரியாக ஊற்றினேன், ஆனாலும் இரண்டு வருடத்தில் பேட்டரி போய்விட்டது” என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு அரைகுறை சார்ஜ் ஒரு பொருட்டே இல்லை, மேலும் 50 ஆம்பியரில் இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். இரண்டு தடைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியே அதற்குப் போதும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: வெயில் படும் மாடி அறையில் வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடானால் பல பேட்டரிகள் சார்ஜை ஏற்க மறுக்கும், ஆயுளும் குறையும். இன்வெர்ட்டர் நிறுவனம் தரும் பொருந்தும் பேட்டரிப் பட்டியலில் இருப்பதையே வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே தகவல் கேபிள் பேசினால்தான் இன்வெர்ட்டருக்கு மீதி எவ்வளவு என்பது சரியாகத் தெரியும். இல்லையென்றால் வோல்டேஜை வைத்து ஊகிக்கும். லித்தியத்தில் வோல்டேஜ் கிட்டத்தட்ட கடைசிவரை ஒரே மாதிரி நிற்பதால் அந்த ஊகம் தப்பாகத்தான் போகும். திரையில் 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வீடு இருண்டுவிடும்.

நல்ல சாமானை வாங்கியும் ஏமாறும் இடம் அமைப்பு மெனுவில் இருக்கிறது. ஹைபிரிட்டுகள் பெரும்பாலும் சொந்தப் பயன்பாடு என்ற முறையில்தான் கைக்கு வருகின்றன. பகலில் சோலாரால் பேட்டரியை நிரப்பி, சூரியன் சாய்ந்ததும், லைனில் கரண்ட் இருந்தாலும், பேட்டரியிலிருந்தே வீட்டை ஓட்டுவது இதன் வேலை. கட்டணத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடு. ஆனால் நீங்கள் மாலை ஏசியைப் போட்டால் இரவு ஒன்பதுக்குள் பேட்டரி 10 விழுக்காட்டுக்கு வந்துவிடும். பத்து மணிக்குக் கரண்ட் போனால் அவ்வளவுதான். “ஹைபிரிட் போட்டும் பயனில்லை” என்று என்னிடம் வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். லைன் இருக்கும்போது பேட்டரி எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் எண் கேட்கும். Reserve SOC, Backup SOC, On-grid SOC என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை 60 என்று வையுங்கள். 60-லிருந்து 10 வரை இறங்க உங்களுக்கு 50 விழுக்காடு கிடைக்கும், அது இழப்பு போக 2.3 யூனிட். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்து 490 வாட் என்றால் நாலரை மணி நேரம் வரும். மூன்று மணி நேரத் தடையும், அதற்கு அப்புறம் ஒரு குட்டித் தடையும் தாங்கும். மழைக்காலம் வந்தால் 80 ஆக்கிக்கொள்ளுங்கள், லைனிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆகும் அமைப்பையும் அப்போது இயக்கிவிடுங்கள். அதை இயக்காவிட்டால் மேகமூட்டமான நாளில் பேட்டரி தடையில் இறங்கும், திரும்ப ஏறாது.

அடுத்தது வயரிங். ஹைபிரிட்டின் பேக்கப் வெளியீட்டில் வீடு முழுவதையும் மாட்ட வேண்டாம். தனியே ஒரு சின்ன போர்டு வைத்து, மேலே கணக்கிட்ட ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ், டிவி, வைஃபை மட்டும் அதில் வரட்டும். ஏசியும் மோட்டாரும் பழைய போர்டிலேயே இருக்கட்டும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 1000 வாட் எடுக்கும் என்றாலும், தொடங்கும் அந்த ஒரு கணத்தில் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். 3 கிலோவாட் பேக்கப் அதைத் தாங்காமல் ஓவர்லோடு என்று அணைந்தால், மோட்டாரோடு சேர்ந்து ஃபேனும் நின்றுபோகும். கரண்ட் இருக்கும் பகல் நேரத்தில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வது எளிது, அப்போது அது ஓடுவதும் பெரும்பாலும் சோலாரில்தான். கரண்ட் கட்டிலும் மோட்டார் ஓடியே ஆக வேண்டும் என்றால் 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்குப் போய், மோட்டாரை மெதுவாகத் தொடங்கவைக்கும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரும் வைக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சின்ன போர்டில் எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறு நியூட்ரலில் நடக்கிறது. பேஸ் கம்பிகளை அழகாகப் பிரிப்பார்கள், நியூட்ரலை மட்டும் பழையபடி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பட்டையில் விட்டுவிடுவார்கள். அப்போது வெளியே செல்லும் மின்னோட்டம் ஒரு வழியாகவும் திரும்பும் மின்னோட்டம் வேறு வழியாகவும் வரும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அதை கசிவு என்று எண்ணி டிரிப் ஆகும். காரணமே இல்லாமல் டிரிப் ஆகிறது என்று சொல்லி அந்த ஆர்சிசிபியையே கழற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பேக்கப் போர்டுக்கு நியூட்ரல் பட்டை தனியே இருக்க வேண்டும். கூடவே ஒன்று கேளுங்கள்: கரண்ட் போன நேரத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ரிலே இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே வைக்க வேண்டுமா? லைன் பிரிந்ததும் லைன் வழியாக வந்த எர்த் இணைப்பும் போய்விடலாம். அந்த இணைப்பு இல்லாவிட்டால், பேட்டரியில் ஓடும்போது யாருக்காவது ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி டிரிப் ஆகாது.

பழைய யுபிஎஸ்ஸை என்ன செய்வது? அதை பேக்கப் போர்டுக்குள் மாட்டி இரட்டைப் பாதுகாப்பு தேட வேண்டாம். ஹைபிரிட் பேட்டரியில் ஓடும்போது யுபிஎஸ்ஸும் தன் பேட்டரியை அதிலிருந்தே சார்ஜ் செய்யத் தொடங்கி, இருக்கும் இருப்பையும் குடித்துவிடும். ஒருவேளை நீங்கள் ஆன்-கிரிட்டும் யுபிஎஸ்ஸும் என்ற வழிக்குப் போனால் இதைவிட ஆபத்தான தப்பு ஒன்று உண்டு. “சோலாரின் வெளியீட்டை யுபிஎஸ் லைனில் கொடுத்துவிட்டால் கரண்ட் கட்டிலும் ஓடும்” என்று யாராவது யோசனை சொல்வார். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் யுபிஎஸ் தரும் வோல்டேஜை லைன் என்று நம்பி மின்சாரத்தை அதற்குள் தள்ளும். வீட்டில் செலவாகாத மிச்சம் முழுவதும் யுபிஎஸ்ஸுக்குள் பின்வாக்கில் நுழையும். அதைத் தாங்க சாதாரண யுபிஎஸ்ஸில் ஏற்பாடு கிடையாது. யுபிஎஸ் கருகும், அல்லது பேட்டரி அளவுமீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். சோலார் எப்போதும் மெயின் போர்டுப் பக்கம்தான் சேர வேண்டும்.

மின் நிறுவனத்தின் அனுமதியைப் பொறுத்தவரை, ஹைபிரிட்டும் லைனோடு இணைவதுதான் என்பதால் ஆன்-கிரிட்டுக்கு வேண்டிய விண்ணப்பமும் இரட்டைவழி மீட்டரும் இதற்கும் உண்டு. திருப்பி அனுப்ப அனுமதி இல்லாவிட்டால், மெயின் கம்பியில் மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சின்ன சிடி வளையம் மூலம் வெளியே போகாமல் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். அந்த வளையத்தின் அம்புக்குறி திசை மாறி மாட்டப்பட்டால் எல்லாம் தலைகீழாகும். வீடு எடுக்கும்போது அனுப்புவதாகக் காட்டும். ஏசியைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் நடுப்பகலில் ஆட்களை வைத்துக்கொண்டே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஃபேன் ஓட வேண்டும், திரையில் பேனலின் வாட் எண் பூஜ்யமாகாமல் இருக்க வேண்டும். பேனல் பூஜ்யமாகி பேட்டரி மட்டும் இறங்குகிறதென்றால், ஒன்று பேட்டரி ஏற்கெனவே நிறைந்து வீட்டுச் செலவும் குறைவாக இருக்கலாம், அல்லது நீங்கள் வாங்கியது ஆன்-கிரிட்டும் யுபிஎஸ்ஸும் ஒரே பெட்டியில் இருக்கும் ஏதோ ஒன்று. ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரி 80 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது இதைச் செய்தால் குழப்பம் வராது. அரைமணி நேரம் அப்படியே ஓடவிட்டு மெயினைத் திரும்பப் போடுங்கள். ஆர்சிசிபி டிரிப் ஆகாமல், சில நிமிடத்தில் லைனோடு சேர்ந்துகொண்டால் சரி. சூரியன் இறங்கிய பிறகு இதே சோதனையை நீங்களாகவே ஒருமுறை செய்து, பேட்டரி எண் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன 440 வாட்டுக்கு அது மணிக்கு 10, 11 விழுக்காடு இருக்கும். 20 இறங்கினால் ஏசியோ கீசரோ தப்பித்தவறி அந்தச் சின்ன போர்டுக்குள் வந்திருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.